ரசீதுத் தள்ளுபடி: விலையோடு கரைப்பதா, தனி வரிசையாக வைப்பதா?

சூப்பர் மார்க்கெட் ரசீதுகளை அட்டவணையாக மாற்றும்போது, விற்ற பொருள்களைப் பதிவதில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. தள்ளுபடி, திருப்பிக் கொடுத்த பொருள் என மைனஸ் தொகையோடு வருபவற்றை எப்படிப் பதிவது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. கழிவு போக நின்ற விலையைப் பொருளின் வரிசையிலேயே எழுதுவது ஒரு வழி. அதே வரிசையில் தள்ளுபடிக்கென ஒரு பத்தி சேர்ப்பது இன்னொன்று. தள்ளுபடியைத் தனி மைனஸ் வரிசையாக வைத்து, அது எந்தப் பொருளுக்குரியது என்று குறிப்பது மூன்றாவது. நான் மூன்றாவது வழியையே கடைப்பிடிக்கிறேன்.

முதல் வழியில் அட்டவணை சிறியதாக இருக்கும், பொருளுக்குக் கொடுத்த விலையும் உடனே கண்ணில் படும். ஆனால் 40.00 விலையுள்ள சோப்பு மூன்றுக்குச் சேர்த்து 20.00 தள்ளுபடி என்றால், ஒன்றின் நிகர விலை 33.33 ஆகிறது; அதை மூன்றால் பெருக்கினால் 100.00 வராமல் 99.99 வருகிறது. இப்படிப்பட்ட சில்லறை வித்தியாசங்களைப் பொறுத்துக்கொள்ளப் பழகிவிட்டால், உண்மையான சிறு பிழையும் அவற்றோடு சேர்ந்து நழுவிவிடும். இரண்டாவது வழி, ஒரு தள்ளுபடி ஒரே பொருளுக்கு உரியதாக இருக்கும்வரை நன்றாகவே ஓடும். வெவ்வேறு பொருள்களைச் சேர்த்து வாங்கியதற்கான சலுகையோ, மொத்த பில்லுக்கான கூப்பனோ வந்தால், தொகையை எந்த வரிசையில் போடுவது என்ற கேள்விக்கு அந்தப் பத்தியில் விடை இல்லை.

தனி வரிசை முறையில், மூன்று சோப்பும் ஒரு நோட்டும் வாங்கி, முன்பு வாங்கிய பேனா ஒன்றைத் திருப்பிக் கொடுத்த ரசீது இப்படிப் பதிவாகும்:

```
row,type,parent,item,qty,unit_price,amount
1,item,,சோப்பு,3,40.00,120.00
2,discount,1,,,,-20.00
3,item,,நோட்டு,1,55.00,55.00
4,return,,பேனா,-1,25.00,-25.00
```

இரண்டாம் வரிசையின் parent பத்தியில் உள்ள 1, அந்தத் தள்ளுபடி முதல் வரிசைச் சோப்புக்குரியது என்பதைக் குறிக்கிறது. amount பத்தியின் கூட்டுத்தொகை 130.00, ரசீதின் அடியில் அச்சான மொத்தமும் அதுவாகவே இருக்க வேண்டும். திருப்பிய பொருளில் எண்ணிக்கைக்கு மட்டுமே மைனஸ் போட வேண்டும், விலை கூட்டல் எண்ணாகவே நிற்க வேண்டும். இரண்டுக்கும் போட்டால் பெருக்கியபின் தொகை மீண்டும் கூட்டலாகிவிடும்.

என் சாய்வுக்கு முக்கியக் காரணம், கணக்கு ஒத்துப்போகாதபோது பிழை எங்கே இருக்கிறது என்பதை வித்தியாசமே காட்டிக்கொடுப்பதுதான். பல ரசீதுகள் கழித்தல் குறியை எண்ணுக்குப் பின்னால், `20.00-` என்று அச்சிடுகின்றன. ரசீதின் படத்திலிருந்து எழுத்துகளைப் படிக்கும் எழுத்துணரி அந்தக் கோட்டைத் தவறவிட்டால், கழிய வேண்டிய 20 கூடிவிடுவதால் மொத்தம் 170.00 ஆகிறது, அதாவது வித்தியாசம் தள்ளுபடியைப் போல் சரியாக இரு மடங்கு. தள்ளுபடி வரிசையே விடுபட்டால் மொத்தம் 150.00, வித்தியாசம் ஒரு மடங்கு. கோடு தப்பாமல் வந்தாலும், விரிதாள் `20.00-` என்பதை எண்ணாக ஏற்காமல் எழுத்தாக வைத்துக்கொண்டால், SUM அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். அப்போதும் வித்தியாசம் ஒரு மடங்குதான் வரும். ஆகவே குறியை முன்னால் நகர்த்தி எண்ணாக்கிய பிறகே கூட்ட வேண்டும். ரசீதின் அடியில் ‘நீங்கள் சேமித்தது 20.00’ என்று வருவது வெறும் தகவல். மேலே கழித்த தொகையைத்தான் அது மறுபடி சொல்கிறது. அதையும் தள்ளுபடியாக எடுத்தால் மொத்தம் 110.00 ஆகக் குறைந்து, வித்தியாசம் எதிர்த்திசையில் 20 வரும். விலையோடு கரைத்த அட்டவணையில் மொத்தம் தவறாக இருப்பது தெரியும்; ஆனால் ரசீதில் அச்சான தொகை அட்டவணையில் இல்லாததால் வித்தியாசத்தை எதனோடும் ஒப்பிட முடியாது.

தனி வரிசைகளிலிருந்து நிகர விலையை எப்போது வேண்டுமானாலும் கணக்கிடலாம்: parent எண்ணின் வழியே 120.00, -20.00 இரண்டையும் கூட்டினால் சோப்புக்கான 100.00 கிடைத்துவிடும். கரைத்த விலையிலிருந்து பழைய விலைக்குத் திரும்ப வழியில்லை. பின்னர் அந்தச் சோப்பில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்து, கடை 40.00-க்குப் பதிலாகத் தள்ளுபடி போக மீதியை மட்டும் கொடுத்தால், அந்தத் தொகை ஏன் குறைந்தது என்பதும் இந்த இணைப்பால்தான் விளங்கும்.

இந்த முறையிலும் ஒரு சங்கடம் உண்டு. தள்ளுபடிகளை எல்லாம் ரசீதின் அடியில் மொத்தமாக அச்சிடும் கடைகளில், எது எந்தப் பொருளுக்கு என்பது சில வேளைகளில் தெளிவாக இருக்காது. அப்போது ஊகித்து நிரப்பாமல் parent பத்தியைக் காலியாக விடுகிறேன். மொத்தம் அதனால் கெடுவதில்லை. விற்பனை வரி தள்ளுபடிக்கு முந்தைய விலையில் விதிக்கப்பட்டதா, பிந்தைய விலையிலா என்பது கூப்பனின் வகையையும் இடத்தின் விதியையும் பொறுத்தது. அதில் என் அனுபவம் குறைவு என்பதால், ரசீது காட்டும் வரித் தொகையை மாற்றாமல் தனி வரிசையாக எழுதுவதோடு நிறுத்திக்கொள்கிறேன். பரிசு அட்டையில் கழித்த தொகையும் மீதிச் சில்லறையும் மைனஸ் குறியோடு அச்சானாலும் அவை பணம் செலுத்திய விவரங்களே. மொத்தத்துக்குக் கீழே வரும் அவற்றை இந்த அட்டவணைக்குள் கொண்டுவருவதில்லை.