அரக்குச் சேலையும் அதே நிறக் குடும்பத்துத் தோலும்: கிம்ப்போடு ஆறு வருடம்

போன வாரம் ஒரு தோழி தன் நிச்சயதார்த்தப் படத்தை அனுப்பியிருந்தாள். ஆல்பத்தில் பக்கத்துக்குப் பக்கம் அரக்காகவே இருக்கிறதாம். "இந்த ஒரு படத்திலாவது சேலையைப் பாட்டில் பச்சை ஆக்கணும். முகம், கை, பின்னாடி சுவர் எதுவும் மாறக்கூடாது. நீ எதில் செய்கிறாய்? நானே கற்றுக்கொள்ளலாமா?" என்று கேட்டாள். அவளுக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுகொண்டே போனதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நான் பயன்படுத்துவது கிம்ப். படங்களைத் திருத்தும் இலவச மென்பொருள். 2019-இல், சித்தி மகள் சேலை விற்க ஆரம்பித்தபோது, ஒரே சேலையை எட்டு நிறத்தில் காட்ட வேண்டியிருந்தது. அப்போது பிடித்தது. 2.10 பதிப்பில் தொடங்கி இப்போது 3.0-இல் இருக்கிறேன். இத்தனை வருடத்தில் என்னை விடாமல் எரிச்சல்படுத்துவது ஒன்றே ஒன்றுதான்: சிவப்பு.

நிறத்தைத் திருப்புகிற கருவி `Hue-Saturation`. அதைத் திறந்தால் நிறச் சக்கரத்தை ஆறு பங்காக்கிய ஆறு பொத்தான்கள் இருக்கும். ஒரு பங்குக்கு 60 டிகிரி. நீலச் சேலை என்றால் `B` பங்கை மட்டும் தொட்டுத் திருப்பினால் போதும், தோல் அசையாது. முதன்முதலாக ஒரு மயில்நீலச் சேலையை அரை நிமிடத்தில் ஊதா ஆக்கியபோது, இவ்வளவு சுலபமா என்று பூரித்துப்போனேன். அடுத்த படம் அரக்கு. அதே மாதிரி `R` பங்கைத் திருப்பினேன். சேலையோடு சேர்ந்து முகமும் பச்சை ஆனது. உதடு, குங்குமம், தலையில் வைத்த ரோஜா எதுவும் தப்பவில்லை.

காரணம் எளிது. மாநிறமோ வெளுப்போ கறுப்போ, மனிதத் தோலின் நிறம் சக்கரத்தில் ஆரஞ்சுக்குப் பக்கத்தில்தான் விழுகிறது. என் படங்களில் சுமார் 15 முதல் 30 டிகிரி வரை. ஆளுக்கு ஆள் மாறுவது பெரும்பாலும் வெளிச்சமும் அடர்த்தியும்தான். `R` என்கிற பங்கு 330-இல் தொடங்கிச் சக்கரத்தைச் சுற்றி 30-இல் முடிகிறது. அரக்கும் தோலும் ஒரே பங்கில் குடியிருக்கின்றன. செங்கல் நிறம், தாமிர நிறம் என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே டிகிரியில் நிற்கும். எந்த மென்பொருளாக இருந்தாலும் நிறத்தை மட்டும் வைத்து அவற்றைப் பிரிக்கவே முடியாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அதுவரை மென்பொருளைத் திட்டிக்கொண்டிருந்தேன், அது நியாயமில்லை.

தோழியின் படத்தில் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். முதலில் லேயரை நகல் எடுத்தேன். லாசோவால் சேலையைச் சுற்றிச் சுமாராக வளைத்துத் தேர்வு செய்து, `Shift+Q` அழுத்தித் தேர்வையே வரைந்து திருத்தும் நிலைக்கு மாறி, ஓரங்களைத் தூரிகையால் திருத்தினேன். நேரம் முழுக்க இதில்தான் போகும். கழுத்து, இடுப்பு, ரவிக்கைக் கையின் விளிம்பு, கொசுவத்தைப் பிடித்திருக்கும் விரல்கள் ஆகிய இடங்களில் பெரிதாக்கி வைத்துப் பொறுமையாகப் போக வேண்டும். ஆனால் தோளில் விழும் முடிக்காக யாரும் உயிரை விட வேண்டாம். கருமுடியில் நிறம் மிகக் குறைவு. அதன்மேல் தேர்வு ஏறிப் போனாலும், மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. இது தெரியாமல் முடி முடியாக வரைந்த இரவுகள் எனக்கு உண்டு. தேர்வு முடிந்ததும் அதை லேயர் மாஸ்க் ஆக்கினேன், அதாவது தேர்ந்த இடத்தில் மட்டும் அந்த லேயர் தெரியும்.

அப்புறம்தான் `Hue-Saturation`. இங்கேயும் எல்லா நிறத்தையும் சேர்த்துத் திருப்பாமல் `R` பங்கை மட்டும் தொட்டேன். மாஸ்க் தோலைக் காக்கிறது. `R` மட்டும் என்பது ஜரிகையைக் காக்கிறது. ஜரிகை பொன்மஞ்சள், அது அடுத்த பங்கான `Y` பக்கம் நிற்கிறது. இந்த இரண்டு வேலிகளையும் சேர்த்துப் போட்டதும்தான் என் படங்கள் உருப்பட்டன. மாஸ்க்கை மட்டும் நம்பினால் ஜரிகைக் கரை பாசி பிடித்த மாதிரி ஆகிவிடும். புட்டா ஒவ்வொன்றையும் கையால் விலக்கிக்கொண்டிருக்க வேண்டும். `Hue` எண்ணை 160 வரை தள்ளினேன், `Saturation` எண்ணை 20 குறைத்தேன். குறைக்காவிட்டால் பச்சை பிளாஸ்டிக் மாதிரி கத்தும், பட்டு மாதிரி இருக்காது.

இத்தோடு முடிந்துவிட்டது என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். சேலை பச்சை, முகம் பழைய முகம், சுவர் பழைய சுவர். ஆனாலும் படம் பொய் சொல்கிற மாதிரி இருக்கும். காரணம், பட்டு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. அரக்குச் சேலையின் சிவப்பு தாடைக்கு அடியிலும், கழுத்திலும், முழங்கையின் உட்புறத்திலும் லேசாகப் படிந்திருக்கும். சேலை பச்சையான பிறகு அந்தச் சிவப்புக்கு அங்கே வேலை இல்லை. தோலை மாற்றக்கூடாது என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் பல வருடம் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்த இடங்களில் தோலைக் கொஞ்சம் மாற்றியே ஆக வேண்டும். நெற்றியிலிருந்து தோல் நிறத்தை எடுத்து, வெளிச்சத்தைத் தொடாமல் நிறத்தை மட்டும் மாற்றும் `LCh Color` முறையில் வைத்த புது லேயரில் 20, 25 சதவீத அடர்த்தியில் தாடைக்கு அடியில் மெல்லப் பூசினேன். படம் சட்டென்று நிஜமானது. பின்னணிக்கும் இதுவே. மண்டபத்துத் தரை பளபளப்பாக இருந்தால் அதில் சேலையின் பிரதிபலிப்பு தெரியும். அதையும் பச்சை ஆக்காமல் விட்டால் தரை காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு எரிச்சல், விளிம்பில் நிற்கும் மெல்லிய சிவப்புக் கோடு. பெரும்பாலான ஜேபெக் படங்கள் வெளிச்சத்தை முழு நுணுக்கத்தோடும் நிறத்தைப் பாதி நுணுக்கத்தோடும் சேமிக்கின்றன. அதனால் சேலைச் சிவப்பு ஒன்றிரண்டு புள்ளி அளவுக்குத் தோலுக்குள் கசிந்திருக்கும். மெசேஜில் சுருங்கி வந்த படம் என்றால் இன்னும் மோசம். தோழியிடம் படத்தை டாக்குமெண்ட்டாக மறுபடி அனுப்பச் சொன்னேன், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. மீதிக்கு, மாஸ்க் ஆக்கும் முன் தேர்வை ஒரு புள்ளி வளர்த்து, ஒரு புள்ளி மென்மையாக்கினேன். 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் கோடு இருக்கிறதா இல்லையா என்று உடனே தெரியும்.

சரி, இவ்வளவு பாடுபட்ட பிறகும் ஏன் இதிலேயே இருக்கிறேன்? முதலில், ஒரு மாஸ்க்கை ஒழுங்காக வரைந்துவிட்டால் அது எட்டு நிறத்துக்கும் உதவும். அடுத்தது 3.0. 2.10-இல் `OK` அழுத்தியதும் எண்கள் படத்தில் கரைந்துவிடும். இரண்டு நாள் கழித்து "அக்கா, பச்சை கொஞ்சம் கம்மியா" என்று சித்தி மகள் கேட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். 2025 மார்ச்சில் வந்த 3.0-இல் அந்த மாற்றம் லேயரோடு தனியாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் `fx` என்று தெரியும். கோப்பைச் சேமித்து மூடி, ஒரு மாதம் கழித்துத் திறந்தாலும் 160-ஐ 150 ஆக்கலாம். முதல் தடவை அப்படித் திறந்து பார்த்த நாள் எனக்கு உண்மையிலேயே கொண்டாட்டமாக இருந்தது.

முடியாததையும் சொல்லிவிட வேண்டும். அரக்கை எலுமிச்சை மஞ்சளாக்கச் சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. அரக்கு இருண்ட நிறம். டிகிரியை மட்டும் திருப்பினால் கிடைப்பது இருண்ட மஞ்சள், அதாவது சேற்றுப் பழுப்பு. `Curves` வைத்து வெளுக்கச் செய்தால் மடிப்பு நிழலெல்லாம் அழிந்து, சேலை அட்டை மாதிரி நிற்கும். வெள்ளைச் சட்டை வேறு கதை. அதில் திருப்ப நிறமே இல்லை, எவ்வளவு இழுத்தாலும் அசையாது. அதற்கு மேலே ஒரு நிற லேயரை `Multiply` முறையில் வைத்தால் அழகாக ஏறிவிடும். தம்பியின் வெள்ளைச் சட்டையை அப்படித்தான் ஐந்து நிமிடத்தில் ஆகாய நீலமாக்கினேன். கறுப்புச் சட்டையை வெளிர் நிறமாக்குவது வீண் வேலை. வெளுக்க வெளுக்கப் புள்ளி புள்ளியாகக் குப்பைதான் மேலே வரும்.

என்னை மிகவும் வருத்தியது இரட்டை நிறப் பட்டு. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், மடிப்புக்கு மடிப்பு மாறி மின்னும். ஒரு படத்தில் அரக்கு பாவு, நீல ஊடை. நான் சிவப்பை மட்டும் பச்சையாக்கினேன், நீலம் அப்படியே நின்றது. திரையில் மிக அழகாக இருந்தது. ஆனால் தறியில் நெய்த பச்சைச் சேலையின் ஊடை மஞ்சள். படத்தைப் பார்த்து வாங்கியவர், வந்தது வேறு சேலை என்று திருப்பி அனுப்பினார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. என் படத்தில் இருந்த சேலை உலகத்தில் எங்கேயுமே நெய்யப்படவில்லை.

எனவே தோழிக்கு என் பதில் இது. ஆல்பத்துக்கு என்றால் கிம்ப் கற்றுக்கொள். உன் அரக்குப் படத்துக்கு எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது, உனக்கு முதல் தடவை ஒரு நாள் ஆகும். விற்பனைக்கு என்றால், இவ்வளவு புகழ்ந்த பிறகும் சொல்கிறேன், வேண்டாம். இந்த தீபாவளிக்கு எட்டுச் சேலையையும் ஜன்னல் ஓரத்தில் ஒவ்வொன்றாக உடுத்திவிட்டு எடுக்கலாம் என்று சித்தி மகளிடம் சொல்லிவிட்டேன். மடிப்பு வைத்து முடிக்க ஒரு முழு ஞாயிறு போகும். போகட்டும்.