விற்பனை 300 கோடி, வசூல்? பங்கு வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட சிறு நிறுவனம், மின்சாதன உதிரிபாகங்கள் செய்கிறது. ஜூன் மாதம் புரோக்கர் அலுவலகத்திலிருந்து ஒருவர் போன் செய்து, "சார், விற்பனை 50 சதவீதம் வளர்ந்திருக்கு, லாபம் 24 கோடி, இப்ப விட்டா கிடைக்காது" என்றார். கம்பெனி வெளியிட்ட பளபளப்பான பிரசென்டேஷனையும் அனுப்பினார். நம்பி வாங்கினேன். நவம்பரில் காலாண்டு முடிவு வந்ததும் பங்கு தினமும் லோயர் சர்க்யூட், அதாவது ஒரு நாளில் விலை இறங்க அனுமதிக்கப்பட்ட கடைசி எல்லை. விற்கலாம் என்றால் வாங்க ஆளில்லை. பணத்தில் முக்கால்வாசி போய்விட்டது.

கொடுமை என்னவென்றால், எல்லாமே மே மாதமே எக்ஸ்சேஞ்ச் தளத்தில் ஏற்றப்பட்டிருந்த முடிவுகளிலும், பின்னால் வந்த ஆண்டறிக்கையிலும் இருந்தன. பிரசென்டேஷனில் மட்டும் இல்லை.

எண்களை ரவுண்டாகவே சொல்கிறேன். விற்பனை 200 கோடியிலிருந்து 300 கோடியாகியிருந்தது. அதே வருஷம் வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி 50 கோடியிலிருந்து 150 கோடி. கூடுதலாக விற்றது 100 கோடி, பாக்கியில் ஏறியதும் 100 கோடி! பாக்கியில் ஜிஎஸ்டியும் சேர்ந்திருக்கும், விற்பனையில் இருக்காது; அதனால் கொஞ்சம் ஊதித் தெரியும்தான். அதைக் கழித்தாலும் கதை மாறாது. பாக்கியை விற்பனையால் வகுத்து 365-ஆல் பெருக்கினால், சராசரியாக எத்தனை நாள் விற்பனைப் பணம் வெளியே நிற்கிறது என்று தெரியும். இங்கே சுமார் 90 நாளிலிருந்து 180 நாளுக்கு மேல் போயிருந்தது. அரசு டெண்டர் வேலை செய்யும் கம்பெனிகளுக்கு 180 நாள் சகஜம். ஆனால் ஒரே வருஷத்தில் இரட்டிப்பானால் காரணம் கேட்டே ஆகவேண்டும்.

லாபம் 24 கோடி என்றால் கையில் பணம் வந்திருக்க வேண்டுமே? கேஷ் ஃப்ளோ பக்கத்தில் தொழில் நடவடிக்கையிலிருந்து வந்த பணம் மைனஸ் 70 கோடிக்கு மேல். பேங்க் கடனை வைத்தே ஓட்டியிருக்கிறார்கள்.

2021-22 முதல் பாக்கியை வயதுவாரியாகப் பிரித்துக் காட்டுவது கட்டாயம். ஆறு மாதத்துக்குள், ஒரு வருஷத்துக்குள், இரண்டு வருஷத்துக்குள் என்று நோட்ஸ் பகுதியில் ஒரு சின்ன அட்டவணை இருக்கும். இவர்களிடம் 40 கோடி ஒரு வருஷத்தைத் தாண்டி நின்றது. வராக்கடனுக்கு ஒதுக்கியது 1 கோடி. மீதியெல்லாம் 'நல்ல கடன்' என்ற தலைப்பின் கீழே!

சரி, அந்தப் புதுப் பாக்கி யாருடையது? கடைசிப் பக்கங்களில், பொடி எழுத்தில், சொந்தக்காரர்களோடு நடந்த கொடுக்கல் வாங்கலைச் சொல்லும் ரிலேட்டட் பார்ட்டி நோட். 'முக்கிய நிர்வாகிகளின் உறவினர்கள் செல்வாக்கு செலுத்தும் நிறுவனம்' என்ற வகையில் ஒரு கம்பெனி. அதற்கு விற்றது 60 கோடி, வருஷக் கடைசியில் அது தரவேண்டியதும் 60 கோடி. விற்ற பணம் ஏறக்குறைய வரவே இல்லை. அதற்கு இரண்டு வரி கீழே இன்னொரு சொந்தக்கார கம்பெனிக்கு மூலப்பொருள் அட்வான்ஸ் 35 கோடி. கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் இரண்டு பெயரையும் போட்டுப் பார்த்தேன்: பதிவு முகவரி ஒரே கட்டடம், ஒரே தளம்.

இப்படிப்பட்ட இடத்தில் என்ன நடக்க வாய்ப்பு என்றால், அட்வான்ஸாக வெளியே போன பணமே சுற்றிக்கொண்டு 'விற்பனை வசூல்' என்று திரும்பி வரலாம். நடந்ததா என்று என்னால் நிரூபிக்க முடியாது. சொந்தக்காரருக்கு விற்பதே தப்பும் இல்லை. பெரிய குழுமங்களில் தினமும் நடக்கிறது. விற்ற பணம் வராமல், அதே குடும்பத்துக்கு அட்வான்ஸும் போனால்தான் உறுத்த வேண்டும்.

ஆடிட்டர் சும்மா இருக்கவில்லை. அவரது அறிக்கையில் கருத்துப் பகுதியின் தலைப்பே 'குவாலிஃபைடு ஒப்பீனியன்'. 100 கோடி பாக்கிக்கு, இவ்வளவு தரவேண்டியிருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் ஒப்புக்கொள்ளும் இருப்பு உறுதிக் கடிதம் கிடைக்கவில்லை, வசூலாகுமா என்று தங்களால் கருத்துச் சொல்ல இயலவில்லை என்று எழுதியிருந்தார். பலர் இதையும் 'எம்ஃபசிஸ் ஆஃப் மேட்டர்' என்பதையும் குழப்பிக்கொள்கிறார்கள். அது கணக்கு சரி, ஆனால் இந்த நோட்டைக் கவனியுங்கள் என்று சுட்டிக்காட்டுவது. குவாலிஃபைடு என்றால் இந்த ஒரு விஷயம் நீங்கலாகத்தான் கணக்குக்குப் பொறுப்பு என்று கையைக் கழுவிக்கொள்வது. லாபம் 24 கோடி, நீங்கலான விஷயம் 100 கோடி என்றால் மிச்சம் என்ன இருக்கிறது?

அப்படிப்பட்ட கருத்து வந்தால், அதன் பாதிப்பு எவ்வளவு என்று நிர்வாகமும் தனிப் படிவத்தில் பதில் தரவேண்டும் என்பது செபி விதி. இவர்கள் தந்த பதில்: பாதிப்பைக் கணிக்க இயலாது, முழுத் தொகையும் வசூலாகும் என நிர்வாகம் நம்புகிறது.

நவம்பரில் அதே நிர்வாகம் 70 கோடியை வராக்கடனாக ஒதுக்கியது. வருடாந்திரப் பொதுக்கூட்டம் செப்டம்பரிலேயே முடிந்துவிட்டதால் கேள்வி கேட்கவும் வழியில்லை. கம்பெனி செக்ரட்டரிக்கு மெயில் போட்டேன். "விவரங்கள் நோட்ஸில் ஏற்கெனவே வெளியிடப்பட்டுள்ளன" என்று ஒரே வரியில் பதில் வந்தது. புரோக்கர் ஆபீஸ்காரர் இப்போது வேறு பங்கைச் சொல்லிப் போன் செய்கிறார்.