மூலிகைக் கூந்தல் எண்ணெயில் பாட்டிலின் பின்பக்கம் சொல்வது: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

பல வருடங்களாக மூலிகை எண்ணெய்தான் தலைக்குத் தேய்த்து வருகிறேன். கேரளத்து ஆயுர்வேத நிறுவனங்களின் தைலங்கள், இன்ஸ்டாகிராமில் விளம்பரம் பார்த்து வாங்கிய புது பிராண்டுகள், மளிகைக் கடையில் கிடைக்கும் 'ஹெர்பல்' எண்ணெய்கள் என்று எல்லா வகையும் வீட்டுக்கு வந்து போயிருக்கின்றன. எது முடியை வளர்த்தது என்று இங்கே நான் மதிப்பெண் போடப் போவதில்லை. முடி கொட்டுவது பருவத்தையும் உடல்நிலையையும் பொறுத்துக் கூடும், குறையும். அதை வைத்து ஒரு எண்ணெயை நல்லது, கெட்டது என்று நான் தீர்ப்புச் சொன்னால் அது நியாயமாக இருக்காது. ஆனால் ஒரு பிராண்டை நம்பலாமா என்பதை லேபிளைப் படித்தே ஓரளவு சொல்லிவிட முடியும். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் உரிமம். ஒரே மாதிரி கரிசாலைப் படம் போட்ட இரண்டு பாட்டில்கள் சட்டப்படி இரண்டு வேறு பொருள்களாக இருக்கலாம். ஒன்று ஆயுர்வேத மருந்து. அதைத் தயாரிக்க 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ் மாநில அரசு படிவம் 25-டியில் உரிமம் தருகிறது. அந்த லேபிளில் 'ஆயுர்வேத மருந்து' என்ற சொல், உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, தயாரித்தவரின் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். வெளிப்பூச்சு என்பதால் 'வெளி உபயோகத்துக்கு மட்டும்' என்ற வரியும் வேண்டும். சித்த மருந்துக்கும் இதே விதிகள்தான். இன்னொன்று அழகுசாதனப் பொருள். அது 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின் கீழ் வருகிறது. அதன் உரிமப் படிவம் காஸ்-8.

இரண்டில் எது இருந்தாலும் தவறில்லை. ஆனால் அழகுசாதன உரிமத்தில் வரும் எண்ணெய் 'வழுக்கையைக் குணமாக்கும்' என்று பேசினால், நான் அதைக் கையில் எடுப்பதே இல்லை. நோயைக் குணமாக்குவதாகச் சொல்லும் பொருள் மருந்து உரிமத்தில்தான் வர வேண்டும்.

உரிம எண் மாதிரித் தோன்றும் வேறு எண்கள்தான் ஆளைக் குழப்புகின்றன. 14 இலக்க எண் என்றால் அது உணவுப் பாதுகாப்பு உரிமம். சுத்தமான தேங்காய் எண்ணெயை உணவு எண்ணெயாக விற்கும்போது அது சரியான எண்தான். சிறிய பாக்கெட் தேங்காய் எண்ணெய்க்கு எந்த வரி என்று சேலத்திலிருந்து போன ஒரு வழக்கில், அது கூந்தல் எண்ணெயாகவே பேக் செய்யப்படாதவரை உணவு எண்ணெய்தான் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் செம்பருத்தியும் கரிசாலையும் காய்ச்சி 'முடி வளர' என்று விற்கும் பாட்டிலில் உணவு உரிமம் மட்டும் இருந்தால், அந்தப் பொருளை அந்த உரிமம் தொடவே இல்லை என்று அர்த்தம். ஜி.எஸ்.டி. எண், உத்யம் பதிவு, ஐ.எஸ்.ஓ. 9001 எல்லாம் நிறுவனத்தைப் பற்றியவை. உள்ளே இருக்கும் எண்ணெயைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. 'ஆயுஷ் அமைச்சகம் அங்கீகரித்தது' என்று போட்டிருந்தால் நான் இன்னும் எச்சரிக்கையாகிவிடுவேன். அமைச்சகமே தான் எந்த மருந்துக்கும் ஒப்புதலோ உரிமமோ தருவதில்லை என்று அறிவித்திருக்கிறது. உரிமம் தருவது மாநில அதிகாரிதான்.

இனி உள்ளடக்கம். என்னைப் பொறுத்தவரை ஒரு பிராண்டின் குணம் தெரியும் இடம் இதுதான். ஆயுர்வேத மருந்து என்றால் எல்லாச் சேர்மானங்களும், தாவரத்தின் எந்தப் பகுதி என்பதும், ஒவ்வொன்றின் அளவும் லேபிளில் இருக்க வேண்டும். இடம் போதாவிட்டால் பெட்டிக்குள் தனித்தாள் வைக்கலாம். 'ஒவ்வொரு 10 மி.லி.யிலும்' என்று தொடங்கும் அந்தப் பட்டியலை நான் ஒரு கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

தைலம் காய்ச்சுவதற்கு நூல்கள் சொல்லும் பொது விகிதம் கல்கம் 1, எண்ணெய் 4, திரவம் 16. கல்கம் என்பது அரைத்த மூலிகை விழுது. திரவம் என்பது சாறோ கஷாயமோ பாலோ. அதாவது 10 மி.லி. எண்ணெய்க்கு இரண்டரை கிராம் விழுதும் 40 மி.லி. திரவமும் சேர்ந்து காய வேண்டும். திரவம் மூலிகைச் சாறாகவே இருந்தால் விழுது எண்ணெயில் எட்டில் ஒரு பங்காகக் குறையலாம், அதாவது 1.25 கிராம். கேரள ஆயுர்வேத நூலான சஹஸ்ரயோகத்தில் வரும் நீலிபிருங்காதி தைலத்தை எடுத்துக்கொண்டால் அவுரி, கரிசாலை, முடக்கத்தான், நெல்லி இவற்றின் சாறும், தேங்காய்ப் பாலோடு பிற பால்களும் திரவமாகப் போகின்றன. நல்ல நிறுவனத்தின் லேபிளில் இந்தச் சாறுகள் தனித்தனியாக மி.லி. கணக்கில் இருக்கும். எந்த நூலின் பாடம் என்றும் போட்டிருக்கும்.

இதற்குப் பக்கத்தில் நான் வாங்கிய ஒரு புது பிராண்டை வைத்துப் பார்க்கலாம். முன்பக்கத்தில் '18 அரிய மூலிகைகள்'. பின்பக்கத்தில் ஒவ்வொரு மூலிகையும் 20 மி.கி., கடைசி வரியில் 'எண்ணெய், தேவையான அளவு'. மொத்தம் 360 மி.கி. விழுதின் குறைந்த கணக்கான 1.25 கிராமில் அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சாறு, கஷாயம் என்று ஒரு வரியும் இல்லை.

ஆனால் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அந்த 20 மி.கி. வெறும் பொடியா, செறிவூட்டிய சாரமா என்பது முக்கியம். பத்துக்கு ஒன்று விகிதச் சாரம் என்றால் 20 மி.கி. என்பது 200 மி.கி. மூலிகைக்குச் சமம், மொத்தம் 3.6 கிராம் வந்துவிடும். அதைத்தான் அவர்களுக்கு மின்னஞ்சல் போட்டுக் கேட்டேன். சாரமா பொடியா, அடி எண்ணெய் எது, இந்தத் தயாரிப்பின் பெயர் உரிமத்தின் ஒப்புதல் பட்டியலில் இருக்கிறதா என்று மூன்று கேள்விகள். 'பரம்பரை ரகசிய முறை' என்று பதில் வந்தது. காய்ச்சும் பக்குவம் ரகசியமாக இருக்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. என்ன சேர்ந்திருக்கிறது என்பதை மறைக்க ஆயுர்வேத உரிமம் வைத்திருப்பவருக்கு இடமே கிடையாது. அதோடு அந்த பிராண்டை விட்டுவிட்டேன். அதே கேள்விகளை நான் கேட்டபோது இன்னொரு நிறுவனம் தயாரிப்பு ஒப்புதல் பக்கத்தின் நகலையே அனுப்பியது. அதன் எண்ணெயைத்தான் இன்றும் வாங்குகிறேன்.

அந்த மூன்றாவது கேள்வியை யாரும் விட்டுவிட வேண்டாம். நிறுவனத்துக்கு உரிமம் இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு தயாரிப்புக்கும் ஒப்புதல் வேண்டும். ஒரே உரிம எண்ணைப் பத்துப் பாட்டிலில் அச்சடிப்பது எளிது.

அடி எண்ணெய் எது என்பதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்றால், பாட்டிலில் பெரும்பகுதி அதுதான். 2003இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய் தேய்த்த முடியில் புரத இழப்பு குறைந்தது. மினரல் ஆயிலுக்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் அந்தப் பலன் தெரியவில்லை. மினரல் ஆயில் ஒன்றும் விஷம் இல்லை. பிசுபிசுப்பு இல்லாத பளபளப்பு தரும், விலையும் குறைவு. ஆனால் மூலிகைத் தைலத்தின் விலை கொடுத்து அதை வாங்க எனக்கு விருப்பமில்லை. லேபிளில் அது லைட் லிக்விட் பாராஃபின், பாராஃபினம் லிக்விடம் என்ற பெயர்களில் வரும். அழகுசாதன உரிமத்தில் வரும் எண்ணெயில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ளவற்றை அளவு அதிகமானதிலிருந்து இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. முதல் பெயர் பாராஃபின், கடைசியில் வாசனைப் பொருளுக்குப் பக்கத்தில் கரிசாலை என்றால் வேறு கேள்வியே தேவையில்லை.

'தேங்காய் எண்ணெயில் காய்ச்சியது' என்று சொல்லும் பாட்டிலை வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். சிறு கிண்ணத்தில் ஊற்றி ஃபிரிட்ஜில் ஓர் இரவு வைத்தால் கெட்டியாக உறைய வேண்டும். மேலே திரவம் மிதந்துகொண்டு குழகுழவென்று நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். எந்த எண்ணெய் என்று இதில் தெரியாது. நல்லெண்ணெய்த் தைலத்துக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

நிறத்தையும் பார்க்க வேண்டும். கரிசாலையும் அவுரியும் காய்ந்த எண்ணெய் கரும்பச்சையாக, கொஞ்சம் மங்கலாக, அடியில் லேசான வண்டலோடு இருக்கும். கண்ணாடி மாதிரித் தெளிந்த பளிச்சென்ற பச்சை என்றால் பட்டியலில் சி.ஐ. 61565 என்று தேடிப் பாருங்கள். அது எண்ணெயில் கரையும் செயற்கைப் பச்சைச் சாயம். அதை எழுதியிருப்பவர் நேர்மையாக எழுதியிருக்கிறார். பச்சை மட்டும் இருந்து எண் இல்லாவிட்டால்தான் எனக்குச் சந்தேகம்.

நீண்ட நாள் பயன்படுத்துபவர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். எனக்கு மிகவும் பிடித்திருந்த ஒரு எண்ணெயின் வாசனை ஒரு கட்டத்தில் மாறியது. பழைய போட்டோவோடு ஒப்பிட்டபோது தயாரித்தவர் முகவரி வேறு மாநிலத்துக்குப் போயிருந்தது, உரிம எண்ணும் வேறு. முன்பு 'நல்லெண்ணெய்' என்று இருந்த இடத்தில் 'தைல அடிப்படை' என்று இருந்தது. பெயர், மூடி, விலை எதுவும் மாறவில்லை. பிராண்ட் வைத்திருப்பவர் 'விற்பனை செய்பவர்' மட்டும், காய்ச்சுபவர் வேறொருவர். அவரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், அது சட்டப்படி சரிதான். ஆனால் நான் வாங்கிக்கொண்டிருந்த எண்ணெய் அந்த பேட்சோடு முடிந்துவிட்டது.

லேபிளில் இருக்கும் எண் உண்மையா என்று எப்படித் தெரியும்? அச்சிட்ட எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது; மாநிலத்துக்கு மாநிலம் வடிவமும் மாறும். முகவரியில் இருக்கும் மாநிலத்தின் உரிம அதிகாரிக்குத்தான் எழுதிக் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் சித்தா, ஆயுர்வேத மருந்து என்றால் சென்னை அரும்பாக்கத்தில் இருக்கும் இந்திய மருத்துவத் துறை. அழகுசாதனம் என்றால் மருந்து கட்டுப்பாட்டுத் துறை. தயாரிப்பின் பெயர், உரிம எண், பேட்ச் எண், லேபிள் போட்டோ ஆகியவற்றோடு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 'இந்த எண்ணின் கீழ் இந்தப் பெயரில் தயாரிப்பு ஒப்புதல் உள்ளதா' என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் சுற்றிவளைக்காத பதில் வரும்.