விடுபட்ட எண் கேள்விகள்: பல ஆண்டுகளாக நான் கையாளும் சரிபார்ப்பு முறை

கட்டம், முக்கோணம், வட்டம் என எந்த வடிவில் வந்தாலும் விடுபட்ட எண் கேள்விகளை நான் பல ஆண்டுகளாக ஒரே முறையில்தான் அணுகி வருகிறேன். முழுமையாக உள்ள ஒரு வரிசையில் விதியைத் தேடுவேன். கிடைத்ததை முழுமையான இன்னொரு வரிசையில் சோதிப்பேன். அதன் பிறகுதான் கேள்விக்குறி இருக்கும் வரிசைக்குப் போவேன். பெரும்பாலான கேள்விகளுக்கு இது போதும். ஆனால் இரண்டு வரிசைகளுமே பொருந்தி, விடை மட்டும் தவறிப்போகும் ஒரு வகை உண்டு. நீண்ட நாள் பயன்பாட்டில் இந்த முறையோடு நான் சேர்த்துக்கொண்ட முக்கியமான சோதனை அந்த வகைக்கானது. ஒரு கட்டத்தை எடுத்துக்கொண்டு அதை விளக்குகிறேன்.

```
3   5   34
4   6   52
2   7    ?
```

முதலில் திசை. விதி இடமிருந்து வலமா, மேலிருந்து கீழா? பெரிய எண்கள் எங்கே குவிந்திருக்கின்றன என்று பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். இங்கே 34, 52 இரண்டும் கடைசி நெடுவரிசையில் இருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு கிடைவரிசையிலும் முதல் இரண்டு எண்கள் சேர்ந்து மூன்றாவதை உருவாக்குகின்றன என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய எண்கள் அடிவரிசையில் இருந்தால் மேலிருந்து கீழாகப் படிப்பேன்.

அடுத்து முதல் வரிசைக்கு மூன்று அளவுகளை ஓரத்தில் எழுதிக்கொள்வேன்: கூட்டல் 8, பெருக்கல் 15, வர்க்கங்களின் கூட்டல் 34. மூன்றாவது நேராகவே பொருந்துகிறது. இரண்டாவது வரிசையில் 16, 36 இரண்டும் சேர்ந்து 52. அதுவும் பொருந்துகிறது. இதன்படி விடை 4, 49 இரண்டின் கூட்டல், அதாவது 53.

ஆனால் பெருக்கலிலிருந்து தொடங்கும் ஒருவருக்கு வேறொன்று தென்படும். 15-ஐ இரட்டித்து 4 கூட்டினால் 34. இரண்டாவது வரிசையின் பெருக்கல் 24. அதை இரட்டித்து 4 கூட்டினால் 52. இரு வரிசைகளுக்கும் கச்சிதமாகப் பொருந்தும் இந்த விதிப்படி விடை 32. கூட்டலிலிருந்து தொடங்கினாலும் ஒன்று கிடைக்கும்: 8-இன் வர்க்கம் 64, அதில் பாதி 32, அதோடு 2 சேர்த்தால் 34. 10-இன் வர்க்கத்தில் பாதி 50, அதோடு 2 சேர்த்தால் 52. மூன்றாவது வரிசையில் இது 42.5 என்று முடிகிறது. முழு எண்கள் மட்டுமே உள்ள கட்டத்தில் பின்னம் வந்தால் அந்த விதியைக் கைவிடலாம். ஆகவே 53-உம் 32-உம் மிஞ்சுகின்றன. விடைத் தெரிவுகளில் இரண்டும் இருந்தால் எதைக் குறிப்பது?

அதற்குத்தான் அந்தக் கூடுதல் சோதனை. விதிக்குள் 4 போன்ற ஒரு நிலையான எண் தலைகாட்டினால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்பேன். முழுமையான வரிசைகள் இரண்டுக்கும் பொதுவாக ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பேன். 3-க்கும் 5-க்கும் வித்தியாசம் 2. 4-க்கும் 6-க்கும் அதே 2. வித்தியாசத்தின் வர்க்கம் 4. இரு எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் கிடைப்பது, அவற்றின் பெருக்கலைப் போல் இரண்டு மடங்கும் வித்தியாசத்தின் வர்க்கமும் சேர்ந்த தொகைதான். வித்தியாசம் இரண்டு வரிசைகளிலும் ஒன்றாக இருந்ததால், அதன் வர்க்கம் மாறாத 4 போலத் தோற்றமளித்தது. மூன்றாவது வரிசையில் வித்தியாசம் 5. அங்கே 4 இருந்த இடத்தில் 25 வர வேண்டும். 14-ஐ இரட்டித்து 25 கூட்டினால் 53. இரண்டு விதிகளும் உண்மையில் ஒன்றே. இரண்டாவது விதி அதன் ஒரு பகுதியை உறைந்த நிலையில் பார்த்திருக்கிறது.

இப்படிப்பட்ட கட்டத்தை அமைப்பவர்கள் இரண்டாவது வரிசையை மட்டும் மாற்றியிருந்தால் சிக்கலே எழாது என்பது என் உறுதியான கருத்து. 4, 6 என்பதற்குப் பதில் 4, 9, 97 என்று கொடுத்திருந்தால், பெருக்கல் விதி 76 என்று சொல்லி அங்கேயே உடைந்துவிடும். மாதிரி வரிசைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் இருப்பதில்தான் நல்ல கேள்வியின் நேர்மை இருக்கிறது.

கேள்விக்குறி கடைசியில் இல்லாமல் நடுவிலோ தொடக்கத்திலோ வந்தால் பலர் தயங்குவார்கள். எனக்கு அது கூடுதல் சோதனையாகப் பயன்படுகிறது. மேலே உள்ள கட்டத்தின் மூன்றாவது வரிசை "?, 8, 73" என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வர்க்க விதிப்படி 73-இலிருந்து 64 போக 9, விடை 3. பெருக்கல் விதிப்படி 73-இலிருந்து 4 போக 69. அதை 16-ஆல் வகுக்க வேண்டும், மீதமின்றி வகுபடாது. விதியைப் பின்னோக்கி நடத்தும்போது தவறான விதி பெரும்பாலும் பின்னத்தில் போய் நிற்கும்.

முக்கோணங்களில் கவனிக்க வேண்டியது இடம். உச்சியில் 4, இடது மூலையில் 6, வலது மூலையில் 9, நடுவில் 50 என்று முதல் முக்கோணம். மூன்று ஜோடிப் பெருக்கல்களில் 54-தான் 50-க்கு அருகில் இருக்கிறது. குறைவது உச்சியில் உள்ள 4. இரண்டாவதில் உச்சி 7, இடது 5, வலது 8, நடு 33. இங்கே 33-க்கு மிக அருகில் இருப்பது 7-ஐயும் 5-ஐயும் பெருக்கிய 35. அதன் பின்னால் போனால் குறைகிற 2-க்கு விளக்கம் கிடைக்காது. முதல் முக்கோணத்தில் அடி மூலைகளைப் பெருக்கினோம் என்றால் இங்கும் அவற்றைத்தான் பெருக்க வேண்டும்: 40-இலிருந்து 7 போக 33. எண்ணின் அளவை விட அது இருக்கும் மூலைதான் அதன் வேலையைத் தீர்மானிக்கிறது. மூன்றாவதில் உச்சி 3, இடது 7, வலது 6 என்றால் நடுவில் 39.

வட்டங்களில் சிக்கல் குறைவு. ஓட்டமாகப் படிப்பதா, எதிரெதிராகப் படிப்பதா என்பது மட்டுமே கேள்வி. எட்டுப் பிரிவுகளில் 3, 5, 7, 9, 10, 26, 50, ? என்று சுற்றி வந்தால், 9-க்குப் பிறகு 10 வரும் இடத்தில் ஓட்டம் முறிகிறது. உடனே எதிர்ப்பிரிவுகளைப் பார்க்க வேண்டும். 3-க்கு எதிரே 10, 5-க்கு எதிரே 26, 7-க்கு எதிரே 50: வர்க்கத்தோடு ஒன்று. 9-க்கு எதிரே 82.

இந்த முறை கைகொடுக்காத இடமும் உண்டு. முழுமையான வரிசை ஒன்றே ஒன்று இருந்து, மற்றதில் கேள்விக்குறி இருந்தால் சோதிக்க எதுவும் இல்லை. எந்த விதியையும் ஒரு நிலையான எண்ணைச் சேர்த்துப் பொருத்திவிடலாம். அப்போது நிலையான எண் எதுவும் தேவைப்படாத விதியைத் தேடிப் பார்ப்பேன். அப்படிப்பட்ட ஒரே ஒரு விதி கிடைத்து, அதன் விடை தெரிவுகளிலும் இருந்தால் குறிப்பேன். இரண்டு கிடைத்தால் கேள்வியைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன்.