ஊறுகாய்ப் பாட்டிலில் தெரிந்த எம்-சாண்ட்

கும்பகோணத்துக்கு அருகே அம்மா இருக்கும் வீட்டின் மேல் ஒரு மாடி எழுப்புவதற்காகக் கடந்த ஆண்டு ஜூலையில் மூன்று வாரம் ஊரில் இருந்தேன். ரயில், வங்கி, பட்டா நகல் எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது, தளம் போடுவதற்கு இரண்டு நாள் முன்பு, இரவு பத்து மணிக்கு மேல் வாசலில் கொட்டப்பட்ட பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் மணல் இரண்டு யூனிட்டையும் அதற்கு முன்பே வந்து இறங்கியிருந்த 110 மூட்டை சிமென்டையும் பற்றித்தான்.

சிங்கப்பூரில் இருபது ஆண்டாக அடுக்குமாடியில் வாழ்கிற எனக்கு மணல் என்ற பொருளே மறந்துவிட்டது. அங்கே கான்கிரீட் கலந்தே லாரியில் வருகிறது. எத்தனை மணிக்குக் கலந்தது, என்ன கிரேடு என்று சீட்டும் கூடவே வருகிறது. எங்கள் சிறுவயதில் வாசலில் கொட்டிக்கிடந்தது கொள்ளிடத்து மணல். அதில் கிளிஞ்சல் பொறுக்குவோம். கொத்தனார் ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கி உதறி, உள்ளங்கையில் கறை இல்லை என்றால் தலையசைப்பார். அந்த நினைவில்தான் விடியற்காலையில் நானும் ஒரு பிடி அள்ளினேன். கை முழுவதும் செம்மண் நிறம். ஒப்பந்ததாரரைத் தொலைபேசியில் அழைத்தபோது, “எம்-சாண்ட்னா டஸ்ட் இருக்கத்தான் சார் செய்யும்” என்றார். பதில் கடிதமாகவே இருக்கட்டும் என்று உட்கார்ந்து எழுதினேன். எழுதியது இதுதான்:

மதிப்பிற்குரிய ஒப்பந்ததாரர் அவர்களுக்கு,

வணக்கம். வியாழக்கிழமை தளம் போடுவதற்காகத் தாங்கள் அனுப்பிய மணலும் சிமென்டில் ஒரு பகுதியும் ஒப்பந்தத்தில் எழுதிய தரத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தொலைபேசியில் பேசி முடித்துவிட்டால் இருவர் நினைவிலும் அது வேறுவேறாக நிற்கும் என்பதால் எழுதுகிறேன். தவறாக எண்ண வேண்டாம்.

மணலைக் குவியலின் மேலிருந்து எடுக்காமல், மூன்று இடங்களில் முழங்கை ஆழம் தோண்டி எடுத்தேன். நேரான சுவருள்ள ஊறுகாய்ப் பாட்டில்கள் மூன்றில் மணலையும், அதற்கு மேல் நிற்கும்படி சிறிது உப்புக் கரைத்த தண்ணீரையும் ஊற்றிக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசைக்காமல் வைத்தேன். உப்பு போட்டால் களிமண் சீக்கிரம் அடங்கும் என்பது தங்களுக்குத் தெரிந்ததே. ஒரு பாட்டிலில் மணல் 80 மில்லிமீட்டர் உயரமும் அதன் மேல் படிந்த வண்டல் 14 மில்லிமீட்டரும் இருந்தன. அதாவது பதினேழரை சதவீதம். மற்ற இரண்டிலும் ஏறக்குறைய இதே அளவுதான். ஆற்று மணலுக்கு இந்தச் சோதனையில் எட்டு சதவீதத்துக்கு மேல் போனால் திருப்பி அனுப்புவது வழக்கம்.

எம்-சாண்டுக்கு அந்த எட்டு சதவீதக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பாறையை உடைத்து எடுக்கும் மணலில் 75 மைக்ரானுக்குக் குறைவான தூள் எடையில் 15 சதவீதம் வரை இருக்கலாம் என்று ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தர விதியின் 2016 பதிப்பே அனுமதிக்கிறது. பாட்டிலில் நாம் பார்ப்பதோ எடை அல்ல, உயரம். ஆகவே அளவை மட்டும் வைத்து நான் குறை சொல்லவில்லை. என் கவலை நிறத்தைப் பற்றியது. படிவின் கீழ்ப்பாதி கருங்கல் தூளின் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. மேற்பாதி செம்மண் நிறத்தில், விரலில் தொட்டால் வழவழப்பாக ஒட்டுகிறது. முன்னது நன்றாகக் கழுவப்படாத கல்தூள். பின்னது குவாரியில் பாறை மேல் கிடந்த மண்ணையும் சேர்த்து அரைத்ததால் வந்த களிமண் என்றே நினைக்கிறேன். களிமண் மணலின் மேல் படலமாக ஒட்டிக்கொண்டால் சிமென்ட் பிடிக்காது. தண்ணீரையும் அதுவே குடித்துவிடுவதால், கலவை இறுகுகிறது என்று ஆட்கள் மேலும் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்தத் தண்ணீரின் விலையைப் பிறகு தளத்தின் வெடிப்பில் நாங்கள் கொடுக்க வேண்டியிருக்கும்.

சிமென்டில் 78 மூட்டைகளைப் பற்றி எனக்கு முறையீடு இல்லை. மீதி 32 மூட்டைகளில் 2025-ஆம் ஆண்டின் 9-ஆவது வாரம் என்று அச்சிட்டிருக்கிறது. அதாவது மார்ச் பிறக்கும்போது ஆலையில் நிரப்பியவை, இன்றைக்கு நான்கரை மாதம் ஆகிவிட்டது. மூன்று மாதம் தாண்டிய சிமென்டை மறுபடி சோதிக்காமல் பயன்படுத்தக்கூடாது. அந்த மூட்டைகளில் ஐந்தைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டில் இருந்த கட்டிகள் விரலால் அழுத்தியதும் பொடிந்தன. அவை அடுக்கின் பாரத்தால் இறுகியவை, குற்றமில்லை. மூன்றில் இருந்தவை பொடியவில்லை. ஈரம் பட்டு ஏற்கெனவே பிடித்துவிட்ட சிமென்ட் அது; மேஸ்திரி சொல்வதுபோல் சலித்து எடுத்தாலும், சல்லடையில் இறங்கும் தூளும் பாதி உயிரோடுதான் இருக்கும்.

ஆகவே, இந்த மணலைத் தளத்துக்குப் பயன்படுத்த வேண்டாம். பொதுப்பணித் துறையின் சான்று பெற்ற குவாரியிலிருந்து, ஏற்றிய இடம் எழுதிய சீட்டுடன் வேறு மணல் அனுப்புங்கள். இதுவே நல்ல மணல்தான் என்று தாங்கள் கருதினால், பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில், மணலைத் தண்ணீரில் கழுவிச் சலித்துத் தூளை அளக்கும் ஈரச்சல்லடைச் சோதனைக்கு இருவர் முன்னிலையிலும் மாதிரி எடுத்துக் கொடுப்போம். முடிவு தங்கள் பக்கம் என்றால் கட்டணம் என்னுடையது. அந்த 32 மூட்டைகளையும் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். தளம் தள்ளிப்போவதை ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்

முதலில் எழுதிய பிரதியில் சிமென்டின் நிறம் வெளுத்திருக்கிறது என்றும் ஒரு பத்தி இருந்தது. பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் அதை அடிக்கச் சொன்னார். ஆலைக்கு ஆலை நிறம் மாறும், அதில் தரம் தெரியாது என்றார். ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்த்ததையும் எழுதியிருந்தேன். அதையும் அடித்துவிட்டார்.

மறுநாள் காலை ஒப்பந்ததாரர் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். முகத்தில் கோபத்தைவிட வருத்தம் அதிகம். “ஒரு வார்த்தை நேர்ல சொல்லியிருக்கலாமே சார், லெட்டர் எதுக்கு?” என்றார். அம்மாவும் என்னைத்தான் முறைத்தாள். எதிர்வீட்டைக் கட்டியதும் அவர்தான், தைப்பொங்கலுக்குக் கரும்பு கொண்டுவந்து கொடுப்பவரும் அவர்தான். சிங்கப்பூரில் இப்படி ஒரு கடிதம் போனால் பதில் கடிதம் வருமே தவிர யாரும் மனம் நோகமாட்டார்கள். அங்கே யாரும் கரும்பு கொண்டுவருவதில்லை என்பதும் உண்மை.

காபி குடித்தபின் திண்ணையில் இருந்த பாட்டில் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் மணல், அதன் மேல் சாம்பல், அதற்கும் மேல் சிவப்பு. நகத்தால் கண்ணாடியின் மேல் அந்தச் சிவப்புக் கோட்டைத் தடவிக்கொண்டே நெடுநேரம் நின்றார். பிறகு குவாரிக்காரரை அழைத்து, நான் எழுதக்கூடாத சில வார்த்தைகளைச் சொன்னார்.

சிமென்ட் மூட்டைகள் அன்று மாலையே போயின. வேறு மணல் வந்தது நான் விமானம் ஏறிய மூன்றாம் நாள். தளம் போடுவதை வீடியோவில்தான் பார்த்தேன். பழைய மணல் மட்டும் இன்னும் வாசலிலேயே கிடக்கிறது. திருப்பி எடுக்க லாரி வாடகையை யார் கொடுப்பது என்று குவாரிக்காரருக்கும் ஒப்பந்ததாரருக்கும் முடிவாகவில்லை. ஊறுகாய்ப் பாட்டில்களைக் கழுவியும் செம்மண் வாசனை போகவில்லை என்று அம்மா போன வாரமும் சொன்னாள்.