ப்ராடக்ட் மேனேஜர் சிவி: எண் முதலிலா, முடிவு முதலிலா?

போன வருடம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வேலை மாற முயன்றபோது இரண்டு சிவி எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் ஒவ்வொரு வரியும் எண்ணில் தொடங்கும்: எத்தனை ப்ராடக்ட் வெளியிட்டேன், பயனர்கள் எத்தனை சதவீதம் கூடினார்கள் என்று. இன்னொன்றில் மூன்றே மூன்று முடிவுகள். டெவலப்பர், டிசைனரோடு உட்கார்ந்து எடுத்தவை, அவற்றின் விளைவோடு. இப்போது இரண்டாவதை மட்டும்தான் அனுப்புகிறேன்.

முதல் வகையின் வசதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிவிகளைச் சலிப்பவர் கண்ணில் எண் சட்டென்று படும், எழுதுவதும் சுலபம். சிக்கல் நேர்காணலில் வரும் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது.

என் கதையையே சொல்கிறேன். பழைய நிறுவனத்தின் எண்கள் என்பதால் அவற்றைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். ப்ரீபெய்டு மீட்டருக்குக் கரண்ட் வாங்கும் ஆப் ஒன்றை நான் பார்த்துக்கொண்டேன். மாதாந்தரப் பயனர்கள் 40,000 பேர் இருந்தது, 2024 நவம்பரில் 58,000 ஆனது. 45 சதவீத வளர்ச்சி என்று பெருமையாக எழுதினேன். நேர்காணலில் ஒருவர், "அந்த நவம்பர்தானே மீட்டர்களை மாற்றியமைக்கக் கடைசிக் கெடு?" என்று கேட்டார்.

ஆமாம். ப்ரீபெய்டு கரண்ட் வாங்கினால் மீட்டரில் அழுத்த ஓர் எண் வரும், அதுதான் டோக்கன். இந்த டோக்கன் முறை 1993 ஜனவரி 1-லிருந்து நிமிடங்களை எண்ணிக்கொண்டு வந்தது. அந்த எண்ணிக்கைக்கான இடம் 2024 நவம்பர் 24-ல் தீர்ந்துபோனது. டோக்கனைச் சரிபார்க்க மீட்டருக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அதற்குள் அந்தச் சாவியை மாற்றும் குறியீடுகளைப் போடாத மீட்டர், புது டோக்கன்களை ஏற்காது. அந்த அவசரத்தில் ஊரே ஆப்புக்குள் வந்தது. பிப்ரவரியில் எங்களிடம் மிஞ்சியது 44,000 பேர். உண்மையாக நின்ற வளர்ச்சி 10 சதவீதம், அதிலும் என் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் நினைவிருக்கிறது.

அதே ஆப்பில், அதே மாதங்களில் நாங்கள் எடுத்த ஒரு முடிவு இரண்டாவது சிவியில் இருக்கிறது. வாடிக்கையாளர் மீட்டரில் மூன்று 20 இலக்கக் குறியீடுகளை வரிசையாக அழுத்த வேண்டும்: சாவி மாற்றுவதற்கு இரண்டு, அப்புறம் வாங்கிய கரண்டுக்கு ஒன்று. மூன்றையும் ஒரே எஸ்எம்எஸ்ஸில் அனுப்புவதாகத்தான் இருந்தோம். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் சில வீடுகளுக்குப் போய்ப் பார்த்த டிசைனர், "கரண்டு டோக்கனைத்தான் முதலில் அழுத்துகிறார்கள், மீட்டர் மறுத்ததும் நமக்குப் போன் போடுகிறார்கள்" என்றார். ஒரு திரைக்கு ஒரு குறியீடு காட்டலாம், மீட்டர் அதை ஏற்ற பிறகு அடுத்தது திறக்கட்டும் என்பது அவர் யோசனை. டெவலப்பர் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "நடுவில் டேட்டா தீர்ந்துபோனால் மீதிக் குறியீடு போச்சு. மூன்றையும் முதலிலேயே போனில் சேமிக்கணும், அதற்கு இரண்டு வாரம் வேண்டும்" என்றார். கெடு நெருங்குகிற நேரம். திரையின் வெளியீட்டைத் தள்ளிப்போடுவது என்று தீர்மானித்தவள் நான்.

அந்த இரண்டு வாரத்தில் கரண்ட் வாங்கியவர்களுக்குப் பழைய எஸ்எம்எஸ்ஸே போனது. திரை வந்த பிறகும் ஆப்பைப் புதுப்பிக்காதவர்களுக்கு அதுதான். அதனால் இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட முடிந்தது: எஸ்எம்எஸ் பெற்ற நூறு பேரில் 9 பேர் உதவி கேட்டு அழைத்தார்கள், திரையில் பார்த்தவர்களில் 3 பேர். ஆப்பைப் புதுப்பிக்கிறவர்கள் பொதுவாகவே போன் பழக்கம் உள்ளவர்கள் என்பதால் வித்தியாசம் முழுவதும் திரையால் வந்ததில்லை. கேட்டால் இதையும் சொல்லிவிடுகிறேன். 45 சதவீதத்துக்குப் பக்கத்தில் இது சின்ன எண்தான், ஆனால் எங்கே தட்டினாலும் பதில் வரும்.

சிவியில் இது இரண்டே வரி: "டிசைனர் வீடுகளில் கண்ட தவறை வைத்து, டெவலப்பர் சொன்ன ஆஃப்லைன் சேமிப்புக்காக வெளியீட்டை இரண்டு வாரம் தள்ளினேன், சாவி மாற்ற உதவி கேட்கும் அழைப்புகள் நூற்றுக்கு 9-லிருந்து 3 ஆயின." யார் கண்டது, யார் தடுத்தது, நான் எதைத் தீர்மானித்தேன் என்பது தனித்தனியாகத் தெரிகிறது. முன்பு "குழுவோடு இணைந்து" என்று எழுதுவேன். அதைப் படிப்பவருக்கு நான் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன் என்பது மட்டும்தான் தெரியும்.

இந்த வகைக்குப் பராமரிப்பு அதிகம். வேலையை விட்ட அன்றே டாஷ்போர்டு கைவிட்டுப் போய்விடும். அதனால் முடிவு எடுத்த வாரமே மறுத்தவர் சொன்ன காரணத்தை என் சொந்த நோட்டில் ஒரு பத்தி எழுதிவிடுகிறேன். நிறுவனத்தின் கோப்புகளையோ வாடிக்கையாளர் விவரத்தையோ எடுப்பதில்லை.

டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் நடுத்தர நிறுவனங்கள் நான்கைந்தில்தான் இதைச் சோதித்திருக்கிறேன். நூற்றுக்கணக்கான சிவிகளை வடிகட்டும் பெரிய வங்கிக்கோ, பயனரைப் பெருக்குவதற்கென்றே ஆள் எடுக்கும் இடத்துக்கோ எண் முதலில் இருப்பதே எடுபடலாம். அப்படி ஓர் இடத்துக்கு அனுப்பினால், 45-ஐ விட்டுவிட்டு 40,000 பேர் பிப்ரவரியில் 44,000 ஆனார்கள் என்றுதான் எழுதுவேன்.