கால்குலேட்டர் இல்லாமல் வகுப்புச் சராசரி: ஊகச் சராசரி முறையை நெடுநாள் பயன்படுத்தியதில் தெரிந்தவை

சராசரி இதுவாக இருக்கலாம் என்று ஒரு எண்ணை ஊகித்து, ஒவ்வொரு மதிப்பெண்ணும் அதிலிருந்து எவ்வளவு கூட அல்லது குறைவு என்ற விலக்கத்தை மட்டும் கூட்டி, ஆள் எண்ணிக்கையால் வகுத்து, வருவதை ஊகித்த எண்ணோடு சேர்ப்பதுதான் ஊகச் சராசரி முறை. பாடப்புத்தகத்தில் இந்த முறை ஒரு அட்டவணையாக வரும். மதிப்பெண்ணுக்கு ஒரு நிரல், விலக்கத்துக்கு ஒரு நிரல், கீழே கூட்டுத்தொகை. தேர்வுத்தாளில் விடை எழுத அது சரி. விடைத்தாள் கட்டைத் திருத்தி முடித்துவிட்டு, மதிப்பெண் பட்டியலை வைத்துக்கொண்டு சராசரி காண உட்காரும்போது அப்படி நிரல் போட்டு எழுதினால், நேரடியாகக் கூட்டுவதைவிட அதிக நேரம்தான் பிடிக்கும். விலக்கங்களைத் தாளில் எழுதாமல் மனதிலேயே கூட்டிக்கொண்டு போய், வரிசைக்கு ஒரு எண்ணை மட்டும் குறித்தால்தான் இது உண்மையில் குறுக்குவழி.

ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். பட்டியலில் 36 பேர், ஒருவர் தேர்வுக்கு வரவில்லை. நூற்றுக்கு வாங்கிய மதிப்பெண்கள் வரிசைக்கு 9 பேராக:

72, 58, 65, 81, 47, 69, 63, 90, 54
66, 38, 77, 61, 59, 84, 65, 70, 43
75, 67, 52, 88, 60, 64, 71, 35, 79
68, 56, 92, 73, 49, 62, 80, 57, வரவில்லை

மேலோட்டமாகப் பார்த்தாலே அறுபதுகளில்தான் கூட்டம் அதிகம் என்று தெரிகிறது. ஊகச் சராசரி 65 என்று வைக்கலாம். முதல் வரிசையில் 72 என்றால் 7 கூட, 58 என்றால் 7 குறைவு. இரண்டும் அடிபட்டுப் போயின. 65 அசையாது. 81 வந்ததும் கையில் 16. 47 என்பது 18 குறைவு, ஆக −2. 69 வந்ததும் +2, 63 வந்ததும் 0. 90 வந்ததும் 25, கடைசியில் 54 பதினொன்றைக் கழிக்க 14. வரிசை ஓரத்தில் +14 என்று மட்டும் எழுதினால் போதும்.

இப்படியே போனால் இரண்டாம் வரிசைக்கு −22, மூன்றாவதற்கு +6, நான்காவதற்கு +17. நான்கையும் கூட்டினால் +15. இதைத் தேர்வு எழுதிய 35 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 0.43. அதை 65 உடன் சேர்க்க, சராசரி 65.43. நேரடியாகக் கூட்டியிருந்தால் 2290 வரை ஏறி, பிறகு 35 ஆல் நெடுவகுத்தல் போட வேண்டும். இங்கே எந்த இடத்திலும் கையில் இருந்த எண் 29ஐத் தாண்டவில்லை. வேகம் கிடைப்பது இதனால்தான்: எண் சிறியதாக இருந்தால் மனம் தடுமாறுவதில்லை, நடுவில் யாராவது கூப்பிட்டாலும் மறந்துபோவதில்லை.

எந்த எண்ணை ஊகிப்பது என்பதில் தேவையில்லாமல் யோசிப்பவர்கள் உண்டு. எதை எடுத்தாலும் இறுதி விடை ஒன்றுதான், மாறுவது உழைப்பு மட்டுமே. உண்மையான சராசரிக்கு மிக நெருக்கமாக இருக்கட்டும் என்று 63 அல்லது 67ஐ எடுப்பது வீண் வேலை. சில வகுப்புகளில் கடைசிக் கூட்டுத்தொகை கொஞ்சம் சிறியதாகலாம், ஆனால் அத்தனை கழித்தல்களும் கடினமாகிவிடும். 0 அல்லது 5இல் முடியும் எண்ணே நல்லது. அவற்றிலும் 60, 70 போன்றவை 65ஐவிடப் பிழை குறைவாகத் தருகின்றன. 60 என்றால் 72க்கு 12, 68க்கு 8, யோசிக்கவே வேண்டாம். 65 என்றால் 47க்கு வரும்போது கடன் வாங்கிக் கழிக்க வேண்டியிருக்கிறது. அவசரத்தில் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்து, 7இல் 5 போக 2, 6இல் 4 போக 2, ஆக 22 என்று எடுப்பது மிகப் பழக்கமான பிழை. சரியான விலக்கம் 18. வேகம் பிடிபடும் வரை 60 அல்லது 70ஐ வைத்துப் பழகுவது உத்தமம். 60 எடுத்தால் கையில் இருக்கும் எண் மேல்நோக்கி நகர்ந்துகொண்டே போகும் என்பது மட்டும்தான் குறை.

அடுத்த பள்ளம், கூட்டல் பூஜ்ஜியத்தைத் தாண்டும் இடம். மூன்றாம் வரிசையில் 71 முடிந்ததும் கையில் 22 இருக்கும். அடுத்தது 35, அதாவது 30 குறைவு. இங்கே −8 என்பதை வெறும் 8 என்று மனம் பிடித்துக்கொண்டால், அடுத்து வரும் 79 பதினான்கைச் சேர்த்து வரிசை முடிவு 6க்குப் பதில் 22 ஆகிவிடும். பிழை 16, அதாவது விட்டுப்போன எட்டின் இரு மடங்கு. குறி மாறிப்போன பிழை எப்போதும் இப்படி இரட்டையாகவே வரும். சரிபார்க்கும்போது இரட்டைப்படை வித்தியாசம் வந்தால் முதலில் பூஜ்ஜியத்தைத் தாண்டிய இடங்களைப் பார்க்கலாம். மனதுக்குள் எண்ணும்போது ‘எட்டு’ என்று சொல்லாமல் ‘எட்டு குறைவு’ என்றே சொல்லிப் பழகினால் இது பெரும்பாலும் வராது.

ஒன்றுக்கொன்று அடிபடும் ஜோடிகளைத் தேடி அடிப்பது இன்னொரு பழக்கம். பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நல்லது. முதல் வரிசையில் இருக்கும் ஒன்றுக்கு நான்காம் வரிசையில் ஜோடி தேடினால், ஒன்றை அடித்துவிட்டு மற்றதை அடிக்க மறப்பதுதான் நடக்கும். வரிசைக்குள்ளேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஆள் எண்ணிக்கையில் வரும் பிழைதான் இந்த முறையில் ஒளிந்துகொள்வது. விலக்கம் 0 ஆனவர்களை ‘ஒன்றும் சேர்க்கவில்லையே’ என்று எண்ணிக்கையிலும் விட்டுவிடுவார்கள். நம் வகுப்பில் 65 வாங்கியவர்கள் இருவர். அவர்களை விட்டு 33 ஆல் வகுத்தால் 65.45 வரும். வித்தியாசம் 0.02தான், யாருக்கும் தெரியாது. ஊகம் சரியான இடத்தில் விழுந்துவிட்டதால் பிழை மன்னிக்கப்பட்டது, அவ்வளவே. இதே வகுப்புக்கு 50ஐ ஊகித்திருந்தால் நிகர விலக்கம் 540 ஆகும். 50 வாங்கியவர் இந்தப் பட்டியலில் யாரும் இல்லை. ஆனால் வேறு காரணத்தால் இருவர் எண்ணிக்கையில் விடுபட்டால், 35க்குப் பதில் 33 ஆல் வகுபட்டு, விடை 66.36 என்று ஏறக்குறைய ஒரு மதிப்பெண் தள்ளிப் போகும். ஆகவே எண்ணிக்கையைத் தனியாக, கூட்டலுக்கு முன்பே எண்ணி எழுதிவிட வேண்டும்.

வராதவர் விஷயம் இதைவிடப் பெரியது. அவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது அந்தந்த இடத்து விதி. ஆனால் சேர்ப்பதென்றால் அவருடைய விலக்கம் 0 அல்ல, −65. நிகரம் +15 என்பது −50 ஆகி, 36 பேருக்குப் பங்கிட்டு, சராசரி 63.61க்கு இறங்கும். காலியான கட்டத்தைப் பார்த்ததும் கை தானாக 0 விலக்கம் என்று போட்டுவிடும். அது அவருக்கு 65 மதிப்பெண் கொடுத்ததற்குச் சமம்.

நிகர விலக்கம் கழித்தலாக வந்தால் கடைசிப் படியிலும் கவனம் வேண்டும். நிகரம் −20 என்று வைத்துக்கொண்டால், 35 ஆல் வகுக்க −0.57. விடை 64.43. இதை 64.57 என்று எழுதுபவர்களைப் பார்க்கலாம். 64க்கு இறங்கிவிட்டு, பின்னத்தை அப்படியே ஒட்டிவிடுகிறார்கள்.

சரிபார்ப்புக்கு, அதே கூட்டலை அதே 65 வைத்து மறுபடி போடுவதில் பயன் குறைவு. கண்ணும் மனமும் அதே இடத்தில் அதே பிழையைச் செய்யும். ஊகத்தை 60க்கு மாற்றி இன்னொரு முறை ஓட்டுவதே நம்பகமானது. ஒவ்வொருவருக்கும் விலக்கம் 5 கூடும் என்பதால், 9 பேர் உள்ள வரிசையின் கூட்டு சரியாக 45 கூட வேண்டும். முதல் வரிசைக்கு 60ஐ வைத்தால் 59 வருகிறது. 14 உடன் 45, கணக்கு ஒத்துப்போகிறது. 47க்கு 22 என்று தவறாக எடுத்திருந்தால் முதல் சுற்றில் 10 வந்திருக்கும், வித்தியாசம் 49 ஆகியிருக்கும். 4 இடிக்கிறது என்றதும் அந்த ஒரு வரிசையை மட்டும் திரும்பப் பார்த்தால் போதும். வரிசை வரிசையாகக் கூட்டி ஓரத்தில் எழுதச் சொல்வதன் காரணமே இதுதான். கடைசி வரிசையில் 8 பேர் என்பதால் அங்கே 40 கூட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. ஒன்று மட்டும் இதில் பிடிபடாது: 72ஐ 27 என்று இரண்டு சுற்றிலும் தவறாகப் படித்தால் இரண்டும் அழகாக ஒத்துப்போகும்.

மதிப்பெண்களைப் பிரிவுகளாகத் தொகுத்துப் படி விலக்க முறையில் போடுவது இன்னும் வேகம், ஆனால் அது தோராயம். நம் வகுப்பை 30–39, 40–49 என்று 90–99 வரை பிரித்தால் நிகழ்வெண்கள் முறையே 2, 3, 6, 11, 7, 4, 2. நடுவில் உள்ள 60–69க்கு 0 என்று வைத்துப் படிகளை எண்ணினால் கீழ்ப்பக்கம் −18, மேல்பக்கம் +21, நிகரம் 3. பிரிவு அகலம் 10ஆல் பெருக்கி 35 ஆல் வகுத்தால் 0.86. இங்கேதான் கோட்டைவிடுவார்கள்: 60–69இன் மையம் 65 அல்ல, 64.5. முழு எண் மதிப்பெண்களுக்கு அதுவே சரி. விடை 65.36, உண்மையான சராசரிக்கு 0.07 குறைவு. மையத்தை 65 என்று வைத்தால் அரை மதிப்பெண் கூடி 65.86 என்று காட்டும். பத்தால் பெருக்க மறந்தால் 64.59. தனித்தனி மதிப்பெண் கையில் இருக்கும்போது தொகுக்கும் வேலை எதற்கு என்பதே நம் கருத்து. பட்டியலே தொகுத்துத்தான் கிடைக்கிறது என்றால் வேறு வழியில்லை.

பத்துக்கோ இருபதுக்கோ நடத்திய சிறு தேர்வுக்கும், எட்டுப் பத்துப் பேர் உள்ள குழுவுக்கும் இந்த முறை வேண்டியதில்லை, நேரே கூட்டிவிடலாம்.

நிகர விலக்கத்தையும் எண்ணிக்கையையும் தாளின் ஓரத்தில் விட்டுவைப்பது பின்னால் கை கொடுக்கும். மறுகூட்டலில் ஒருவரின் 43 திருத்தப்பட்டு 47 ஆனால் பட்டியலை மறுபடி தொட வேண்டாம். 15 என்பது 19 ஆகும், 35 ஆல் வகுக்க 0.54, புதிய சராசரி 65.54. பக்கத்துப் பிரிவில் 32 பேர், அதே 65ஐ வைத்து நிகரம் −49 என்றால், இரண்டையும் சேர்த்து −34, 67 பேருக்கு −0.51, ஆகமொத்தச் சராசரி 64.49. இரண்டு பிரிவுகளின் சராசரிகளைக் கூட்டி இரண்டால் வகுத்தால் 64.45 என்று வேறு விடை வரும். பெரிய பிரிவுக்கும் சிறிய பிரிவுக்கும் ஒரே எடை கொடுத்துவிடுவதால் அது தவறு. இந்தச் சேர்ப்பு நடக்க வேண்டுமானால் இரு பிரிவுக்கும் ஊகம் ஒன்றாக இருக்க வேண்டும், ஆகவே எதை ஊகிப்பது என்று இரு பிரிவுக்காரர்களும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.